காவி ரிஷி விற்கும் அரிசி

டெல்டாவில் இன்று அரிசிக்குப் பெயர் வைக்கிறவர்கள் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். பெயரைக் கண்ணால் வெட்டி, கண்ணால் ஒட்டுகிறார்கள். ஆனால் அரிசி வாங்குகிறவர் அந்தப் பெயரைக் காதால் கேட்டு, வாயால் சொல்லித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. "அண்ணே, அதுல ஒரு சிப்பம் போடுங்க" என்று சொல்லும்போது 'அதுல' என்ற இடத்தில் பெயர் வந்து உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் 'அந்தப் பச்சைப் பை' என்று கைகாட்டிவிட்டுப் போவார். பைக்குக் காசு கொடுத்து அச்சடித்ததுதான் மிச்சம்.

இரண்டு சொற்களைக் கலந்து ஒரு புதுப்பெயர் செய்வது மோசமான யோசனை என்று நான் சொல்லவில்லை. நல்ல யோசனை. ஆனால் ஆங்கிலத்தில் அது எப்படி வேலை செய்கிறது, தமிழில் ஏன் அப்படியே வேலை செய்யாது என்று யோசிக்காமல் செய்கிறார்கள். அதுதான் என் சண்டை.

இந்தச் சண்டை ஏன் இப்போது? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, பதிவு செய்த பிராண்டு பெயரோடு பையில் அடைத்து விற்ற அரிசிக்கு 5 சதவீத வரி போட்டார்கள். பெயரில்லாத அரிசிக்கு வரி இல்லை. பெயர்தான் வரியை இழுத்தது. யார் பெயர் வைப்பார்கள்? 2022 ஜூலை 18 முதல் கணக்கு மாறியது. பெயர் பதிவானதோ இல்லையோ, முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையுள்ள பைக்கு வரி உண்டு. உடனே கடைகளில் 26 கிலோ பை வந்தது வேறு கதை. நமக்கு வேண்டியது இதுதான்: பெயர் வைத்ததற்காகத் தனியாக வரி கட்டும் நிலை போய்விட்டது.

இன்னொரு பக்கம், நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல்லுக்குப் பெயரே கிடையாது. அங்கே 'சன்ன ரகம்', 'பொது ரகம்' என்று இரண்டே வகுப்பு. யார் வயலில் விளைந்தது என்பது சாக்குக் கட்டும் இடத்திலேயே முடிந்துபோகிறது. அந்த வழியை விட்டு, தானே அரைத்து விற்கலாம் என்று கிளம்பும் விவசாயிக் குழுவுக்கு முதல் செலவே பெயர்தான். அதை அவர்கள் ஒரு டிசைனரிடம் கொடுக்கிறார்கள். அவர் லேப்டாப்பைத் திறந்து ஆங்கில எழுத்தில் வெட்ட ஆரம்பிக்கிறார்.

நானே ஒரு உதாரணம் கட்டுகிறேன். Tanjore, rice இரண்டையும் சேர்த்து Tanjorice. திரையில் பார்த்தால் அற்புதம். இரண்டுக்கும் பொதுவான r நடுவில் கச்சிதமாகப் பொருந்துகிறது. இப்போது இதைப் படிக்கச் சொல்லுங்கள். ஒருவர் 'டாஞ்சோரைஸ்' என்பார். இன்னொருவர் 'ஆஃபீஸ்', 'நோட்டீஸ்' பழக்கத்தில் 'தஞ்சோரிஸ்' என்பார். ஒரு மருந்துப் பெயர்போல இருக்கிறது. அதற்கும் மேல், டெல்டாவில் யார் ஊரை 'டாஞ்சோர்' என்கிறார்கள்? ஊர்க்காரர் வாயில் இல்லாத சொல்லை வெட்டினால் துண்டும் யாருக்கும் அடையாளம் தெரியாது.

ஆங்கிலக் கலப்புப்பெயரின் சூத்திரம் எளிது: முதல் சொல்லின் தலை, இரண்டாம் சொல்லின் வால். பிரேக்ஃபாஸ்ட்டின் தலையும் லஞ்சின் வாலும் சேர்ந்து 'பிரஞ்ச்'. நடுவில் ஒரு பொது ஒலி இருந்தால் இன்னும் நல்லது. 'குரூப்', 'கூப்பான்' சேர்ந்த 'குரூப்பான்' அப்படித்தான் ஓடியது. தையல் போட்ட இடம் தெரியாது, இரண்டு துணியும் தெரியும்.

தமிழில் இந்தச் சூத்திரம் இடறுவதற்குக் காரணம் வால். நம் சொற்களின் வாலில் செய்தி மிகக் குறைவு. இ, ஐ, உ, அம் என்று முடியும் சொற்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 'அரிசி'யின் வாலான 'சி'யை மட்டும் வைத்து எவரும் அரிசியைக் கண்டுபிடிக்க முடியாது. சொல்லை நாம் அடையாளம் காண்பது தலையை வைத்து. நம் ஊர்ப்பெயர்களே சாட்சி. தஞ்சாவூர் 'தஞ்சை' ஆனது, நாகப்பட்டினம் 'நாகை' ஆனது, திருச்சிராப்பள்ளி 'திருச்சி' ஆனது. எல்லாவற்றிலும் தலை அப்படியே இருக்கிறது, உடம்பு போய்விட்டது. இலக்கணம் இதற்கு 'மரூஉ' என்று பெயர் வைத்து இடமும் கொடுத்திருக்கிறது.

இன்னொன்று. தமிழில் 'இது என்ன பொருள்' என்று சொல்லும் சொல் கடைசியில் வரும். சீரகச்சம்பா ஒரு சம்பா. மாப்பிள்ளைச்சம்பாவும் ஒரு சம்பா. அந்தக் கடைசிச் சொல்லைச் சிதைத்தால் பை நிறைய அரிசி இருந்தும் பெயரில் அரிசி இருக்காது.

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெயரைச் செய்து பார்ப்போம். காவிரி, அரிசி. இரண்டிலும் 'ரி' இருக்கிறது. அந்த ஒரு எழுத்தின் மேல் இரண்டையும் படியவைத்தால் 'காவிரிசி'. காவிரி முழுசாக இருக்கிறது. அரிசியில் 'அ' மட்டும்தான் போயிருக்கிறது. நான்கே எழுத்து. பேப்பரில் இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 'காவி... ரிசி.' காவி கட்டின ரிஷி. ஏதோ ஆசிரமத்துத் தயாரிப்பு என்று நினைத்துவிடுவார்கள்.

எங்கே தப்பானது? தையல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அரிசியின் தலை 'அ' போனதும் மிச்சமான 'ரிசி' தனக்கென்று வேறு அர்த்தம் தேடிக்கொண்டது. காவிரியின் முதல் இரண்டு எழுத்தும் ஏற்கெனவே தனிச்சொல். கேட்கிறவர் காது, நாம் வெட்டிய இடத்தில் வெட்டாது. தனக்குத் தெரிந்த சொல் கிடைக்கிற இடத்தில் வெட்டும். கலப்புப்பெயரில் நடக்கும் பெரும்பாலான விபத்து இதுதான். இரண்டு சொல்லைக் கலக்கப்போய், அழைக்காத மூன்றாவது சொல் பந்தியில் வந்து உட்கார்ந்துவிடும். திரையில் அது தெரியாது. ஏனென்றால் செய்தவருக்கு எங்கே வெட்டினோம் என்று முன்னாடியே தெரியும்.

இன்னொன்று செய்வோம். தஞ்சை, சம்பா. முன்னதில் 'தஞ்ச' வரை வைத்துக்கொண்டு, 'ச' மேல் சம்பாவைப் படியவையுங்கள்: 'தஞ்சம்பா'. ஊரின் தலை இருக்கிறது. சம்பா ஓர் எழுத்துக்கூடக் குறையாமல், இருக்க வேண்டிய கடைசி இடத்தில் இருக்கிறது. அழைக்காத சொல்லும் ஒன்று வருகிறது: 'தஞ்சம்'. 'தஞ்சம்ப்பா!' என்று யாரோ சொல்வதுபோல இருக்கிறது. ஆனால் அது கெடுதல் செய்கிற விருந்தாளி இல்லை. சோறு தஞ்சம் என்பதில் யாருக்கும் சண்டை வராது.

இதிலும் ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டாம். 'ஞ்' பக்கத்தில் வந்ததால் 'ச' ஒலி மாறி 'தஞ்ஜம்பா' என்றுதான் வாயில் வரும். தனியே சொல்லும் சம்பாவின் முதல் ஒலி அது இல்லை. ஆனால் சீரகச்சம்பாவில் அதே எழுத்து அழுத்தி 'ச்ச' ஆவதைக் கேட்டுப் பழகிய காது இது. மூன்றாவது உருவத்தையும் தாங்கும். புணர்ச்சியில் ஒலி திரிவது நமக்குப் புதிதல்ல. திரிந்தாலும் சொல்லை அடையாளம் காண்பது நம் காதுக்குச் சின்ன வயதுப் பழக்கம். இன்னொரு எல்லை நேர்மை சம்பந்தமானது. பைக்குள் குறுவை நெல்லை அரைத்துப் போட்டுவிட்டு வெளியே சம்பா என்று கலக்கக்கூடாது.

சோதிக்கச் செலவே இல்லை. போனில் மூன்று பேரிடம் பெயரைச் சொல்லித் தமிழில் எழுதச் சொல்லுங்கள். மூவரும் ஒரே மாதிரி எழுதினால் தையல் நிற்கிறது. பிறகு, இதில் என்னென்ன சொல் கேட்குது என்று கேளுங்கள். நீங்கள் போட்ட இரண்டும் வர வேண்டும். மூன்றாவதாக ஏதாவது சொல்லிவிட்டுச் சிரித்தால், பையை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

"கோ-ஆப்டெக்ஸ் எப்படி ஓடியது?" என்று கேட்பார்கள். கோஆப்பரேட்டிவ், டெக்ஸ்டைல்ஸ் இரண்டின் தலைகளை ஒட்டியது அது; நடுவில் பொது ஒலி எதுவும் இல்லை. அந்தக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது 1935இல். ஊர் ஊராகக் கடை, தீபாவளிக்குத் தீபாவளி தள்ளுபடி என்று தலைமுறைகளாகச் சொல்லிச் சொல்லித் தையலை மறக்கடித்துவிட்டார்கள். 'டெக்ஸ்' என்ற துண்டே தனிச்சொல்லாகி ஈரோட்டிலும் கரூரிலும் கடைப்பலகைகளில் ஏறிவிட்டது. அத்தனை கடையும் அத்தனை வருஷமும் உள்ளவருக்கு மோசமான தையல்கூடத் தாங்கும். நாற்பது விவசாயிகள் சேர்ந்த குழுவுக்குத் தாங்காது. அவர்களுடைய பெயர் முதல் தடவையே புரிய வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் தூய்மைக்காரர்கள் இருக்கிறார்கள். சொல்லை வெட்டுவதே தமிழ் இல்லை, 'காவிரிப் படுகை மரபு அரிசி' என்று முழுசாக வை என்பார்கள். 'தஞ்சை' என்று சொல்லிக்கொண்டே இதைச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லே வெட்டியதுதானே! மரூஉ ஊர்வாய் பல காலம் தேய்த்துச் செய்தது, கலப்புப்பெயர் ஒரு மத்தியானத்தில் செய்தது. அந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வாய் எப்படித் தேய்க்கும் என்று தெரிந்து வெட்ட வேண்டும் என்கிறேன்.

முழுசாக வைப்பதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பொருளின் வகையையும் ஊரையும் மட்டுமே சொல்கிற பெயரைப் பதிவு செய்ய இடம் தராது. நெடுங்காலம் புழங்கித் தனி அடையாளம் பெற்றிருந்தால்தான் விலக்கு. 'தஞ்சை அரிசி' எல்லோருக்கும் சொந்தம். கலந்து செய்த புதுச்சொல்லுக்கு அங்கே வாய்ப்பு அதிகம். ஆனால் பதிவு முழுப்பெயருக்குத்தான். உள்ளே இருக்கும் தஞ்சையோ சம்பாவோ உங்களுடையதாகிவிடாது. ஆகவும் கூடாது.

கூடாது என்பதற்கு டெக்சாஸைப் பார்த்தால் போதும். ரைஸ்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் 1997இல் பாஸ்மதி வகை அரிசிக்குக் காப்புரிமை வாங்கியது. 2000இல் இந்தியா எதிர்த்தது. நிறுவனம் கோரிய 20 உரிமைகளில் பெரும்பகுதி போயிற்று. நாம் வெற்றி கொண்டாடினோம். ஆனால் அவர்கள் அரிசியின் பெயரைக் கவனித்தோமா? டெக்சாஸின் தலை, பாஸ்மதியின் வால்: 'டெக்ஸ்மதி'. கூடவே 'காஸ்மதி', 'ஜாஸ்மதி'. பாஸ்மதியின் வால் அபூர்வமான வால். அரிசி வியாபாரத்தில் 'மதி' என்றாலே பாஸ்மதிதான். அதனால் பெயருக்குள் பாஸ்மதி என்று முழுசாகச் சொல்லாமலே அதன் மணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடிந்தது. திறமையான வேலை. அதனாலேயே ஆபத்தான வேலை.

நமக்கும் ஒரு பெயர் அப்படிப் போய்க்கொண்டிருக்கிறது. பொன்னி என்பது காவிரியின் பெயர். அது ஒரு நெல் ரகத்தின் பெயராயிற்று. இன்று தஞ்சாவூர்க் கடையிலேயே 'கர்நாடகா பொன்னி' கேட்டு வாங்குகிறார்கள். தண்ணீருக்காக வழக்கு நடத்தினோம், பெயருக்காக யாரும் நடத்தவில்லை. மிச்சம் இருக்கும் தஞ்சையையும் சம்பாவையும் டெல்டாக்காரர்களே சேர்த்துத் தைத்து வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் வேறு யாராவது, நம்மைவிட நன்றாகத் தைக்கத் தெரிந்தவர், செய்துவிட்டுப் போவார்.