'இ' என்பது மூன்றாவதா, ஐந்தாவதா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் தம்பி கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். "மாமா, வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். அத்தா வாங்கின நிலம் அதுலே இல்லவே இல்லேங்குது. நாங்க ஏமாந்துட்டோமா?" என்றார். முகம் வெளுத்திருந்தது. பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். மோசடி எதுவும் இல்லை. ஒரே ஓர் எழுத்து செய்த வேலை அது.

புல எண்ணை மாற்றித்தான் எழுதுகிறேன், 84/2 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் மௌத்தானபோது அந்த உட்பிரிவில் 1 ஏக்கர் 64 சென்ட் விட்டுப் போனார். நாலு பிள்ளைகள், இரண்டு பெண்கள், மனைவி. பாதைக்கு 4 சென்ட் ஒதுக்கியது போக 160 சென்ட். மனைவிக்கு எட்டில் ஒன்று 20 சென்ட். மீதி 140ஐ ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில் பிரித்தால் மகனுக்கு 28, மகளுக்கு 14. நில அளவை முடிந்து பட்டாவில் 84/2A முதல் 84/2H வரை எட்டு உட்பிரிவுகள் வந்தன. முதல் நாலும் மகன்களுக்கு, E-யும் F-உம் மகள்களுக்கு, G தாயாருக்கு, H பொதுப் பாதை. இதுவரை சிக்கல் இல்லை.

பிற்பாடு மூத்த மகள் தம் 14 சென்ட்டை விற்றார். வாங்கியவர்தான் தம்பியின் தகப்பனார். பத்திரம் தமிழ்த் தட்டச்சில் அடிக்கப்பட்டது. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ஆங்கில எழுத்து கிடையாது என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். பேனாவால் எழுதச் சோம்பல்பட்டால் காதில் விழும் ஓசையை அடித்துவிடுவார்கள். ஆகவே A 'ஏ' ஆயிற்று, B 'பி', C 'சி', D 'டி', E 'இ'. பத்திரத்தில் '84/2இ' என்று ஏறியது.

பல ஆண்டுகள் கழித்து வில்லங்கச் சான்றுக்கு மனு எழுதிக் கொடுத்தவர் தமிழ் நன்றாகப் படித்தவர். அ, ஆ, இ என்று விரல்விட்டு எண்ணினார். மூன்றாவது. ஆகவே C என்று எழுதினார். 84/2C-க்குச் சான்று வந்தது. அது மூன்றாம் மகனின் நிலம், அதில் இந்த விற்பனை எப்படி இருக்கும்?

இரண்டு பேர் செய்ததும் அவரவர் வழியில் ஒழுங்குதான். ஒருவர் ஓசையைப் பிடித்தார், மற்றவர் வரிசையைப் பிடித்தார். இன்றும் நாம் இந்த இரண்டையும் கலந்துதான் எழுதிவருகிறோம். வரதட்சிணைக் கொடுமைக்கான பழைய சட்டப் பிரிவை ஒரு நாளிதழ் '498-ஏ' என்று போடும், ஒரு புத்தகம் '498-அ' என்று போடும். கிராமக் கணக்கில் 'அ' பதிவேடு என்பது ஆங்கிலத்தில் A பதிவேடு. அந்தப் பெயரில் A-க்கு 'அ'. அதே பதிவேட்டுக்குள் இருக்கும் உட்பிரிவை வாயால் சொல்லும்போது A-க்கு 'ஏ'. ஒரே மேசையில் இரண்டு வழக்கம்.

எவ்வளவு தூரம் போகும் இந்தக் குழப்பம் என்று அந்த எட்டு உட்பிரிவையே வைத்துப் பாருங்கள். உயிரெழுத்து வரிசையில் அ 1, ஆ 2, இ 3, ஈ 4, உ 5, ஊ 6, எ 7, ஏ 8. ஓசைப்படி எழுதிய '84/2ஏ' மூத்த மகனின் நிலம். அதையே வரிசைப்படி படித்தால் எட்டாவது, அதாவது பொதுப் பாதை! மூத்தவர் வீட்டில் யாராவது இதைக் கவனித்திருந்தால் ஊரில் இரண்டு நாள் தூக்கம் இருந்திருக்காது. 'ஓ' என்றால் ஓசைக்கு O, பதினைந்தாவது. வரிசைக்குப் பதினொன்று. 'ஐ' மட்டும் விசித்திரம். ஓசைப்படி அது I, ஆங்கிலத்தில் ஒன்பதாவது. தமிழிலும் ஒன்பதாவது. எப்படிப் படித்தாலும் அந்த ஓர் உயிர் மட்டும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஓசை முறையின் மேல் எனக்கு நம்பிக்கை வராததற்கு அதுவும் காரணம். எங்களுக்கு A என்பது 'ஆ', I என்பது 'ஈ'. இன்னும் கேளுங்கள். ஆங்கிலக்காரன் G-யை 'ஜி' என்றும் J-யை 'ஜே' என்றும் சொல்வான். பிரெஞ்சில் ஏறக்குறைய தலைகீழ்: G 'ஜே', J 'ஜி'. தமிழில் 'ஜி' என்று எழுதிவிட்டால் அது எந்தத் துரையின் வாயிலிருந்து வந்த ஜி என்று யார் சொல்வது? வரிசை அப்படியல்ல. மூன்றாவது என்றால் எந்த வாயில் சொன்னாலும் மூன்றாவது. (இடையில் ஒரு புது விதியைச் செருகும்போது பிரெஞ்சுக்காரர்கள் பல இடங்களில் எழுத்தே போடமாட்டார்கள். 12-க்குப் பிறகு '12 பிஸ்', அதற்குப் பிறகு '12 தேர்' என்பார்கள். லத்தீனில் 'இரண்டாம் முறை', 'மூன்றாம் முறை' என்று பொருள். ஓசைத் தொல்லையே இல்லை.)

எழுத்தின் ஓசை வேறு, அது நிற்கும் இடம் வேறு என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மதரஸாவில் ஓதிய யாருக்கும் அலிஃப், பே, தே, ஸே என்று ஒரு வரிசையும், கணக்குக்கு அலிஃப், பே, ஜீம், தால் என்று அப்ஜத் வரிசையும் தெரியும். பிஸ்மில்லாவுக்கு 786 என்று கூட்டி எடுப்பது அப்ஜத் மதிப்பை வைத்துத்தான். எந்த வரிசை என்று முதலிலேயே தெரிந்திருப்பதால் அங்கே குழப்பம் வருவதில்லை.

இந்தியில் இதை ஒழுங்காகத் தீர்த்திருக்கிறார்கள். இந்திமேல் எனக்குத் தனிப் பிரியம் ஒன்றும் கிடையாது, ஆனாலும் உள்ளதைச் சொல்லவேண்டும். அரசியலமைப்பின் இந்திப் பிரதியில் 21A என்பதற்கு ஓசையைப் போடவில்லை. அவர்கள் மெய்வரிசையின் முதல் எழுத்தான 'க'-வைப் போட்டார்கள். 371J-க்கு வரும்போது அவர்கள் வரிசையில் பத்தாவதான 'ஞ' வருகிறது. J-யும் பத்தாவது. நடுவே ஒன்றையும் தாண்டவில்லை. யாருக்கு ஐயம் வந்தாலும் விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நாம் எழுதும்போது அ முதல் ஔ வரை பன்னிரண்டு, அதாவது A முதல் L வரை, தடையில்லாமல் போகிறது. பதின்மூன்றாவதில்தான் ஆளுக்கொரு வழி. சிலர் ஃ போடுவார்கள். சிலர் க, கா, கி என்று போவார்கள். சிலர் க, ங, ச என்று போவார்கள். என் கட்சி மூன்றாவது. ஃ தனியாக நின்றால் மூன்று புள்ளிதான், நகல் எடுத்தால் அழுக்கு என்று நினைப்பார்கள். க, கா, கி என்று போனால் கொக்கியும் காலும் மங்கினதும் கி எது கீ எது என்று தெரியாது. க, ங, ச, ஞ என்று பதினெட்டையும் எடுத்தால் மொத்தம் முப்பது இடம் கிடைக்கிறது, ஆங்கிலத்தின் இருபத்தாறைவிட நாலு கூட.

ஆனால் இதிலும் ஒரு கண்ணி உண்டு. ங, ஞ இரண்டும் தனியே நிற்பது பார்க்க ஒரு மாதிரியாக இருக்கிறது என்று க, ச, ட, த, ப எனத் தாவுகிறவர்களை நான் ஆபீசிலேயே பார்த்திருக்கிறேன். தாவினால் 'ச' பதினான்காவதாகிவிடும். சரியாக எண்ணினால் அது பதினைந்து. அடுத்தவர் எண்ணிப் பார்க்கும்போது ஓர் இனம் காணாமல் போனதாக நினைப்பார். கணினியில் எழுத்தை அடுக்கச் சொன்னாலும் கவனம் வேண்டும். யூனிகோடு அட்டவணையில் நம் கடைசி எழுத்தான 'ன' நகரத்துக்குப் பக்கத்திலும், 'ற' ரகரத்துக்குப் பக்கத்திலும் இருக்கின்றன. 'ள', 'ழ' இரண்டும் வகரத்துக்கு முன்னால். அந்த எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் ய, ர, ற, ல, ள, ழ, வ என்று கொடுக்கும். நாம் படித்தது ய, ர, ல, வ, ழ, ள, ற, ன.

பழைய பத்திரம் என்றால் இன்னொன்றும் பார்க்கவேண்டும். தமிழ் எண்களில் க என்றால் 1, உ என்றால் 2, எ என்றால் 7, அ என்றால் 8. பாட்டனார் காலத்து ஆவணத்தில் தனியாக ஓர் 'அ' நின்றால் அது முதல் எழுத்தா, எட்டு என்ற எண்ணா என்று முன்பின் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எ, ஏ வேறுபாடும் அப்படித்தான். ஏகாரத்துக்கு இப்போதுள்ள காலை வீரமாமுனிவர் கொடுத்ததாகச் சொல்வார்கள். மூன்றாவது கார்பன் நகலில் முதலில் காணாமல் போவது அந்தக் கால்தான்.

கையில் இருக்கும் காகிதம் எந்த முறையில் எழுதப்பட்டது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. அதே பத்திரத்திலோ, அதே ஆள் எழுதிய அடுத்த பத்திரத்திலோ 'பி', 'சி', 'டி' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஓசை முறை. 'ஆ', 'ஊ' இருந்தால் வரிசை முறை. ஆங்கில ஓசையில் எந்த எழுத்துக்கும் 'ஆ' வராது. இரண்டுமே இல்லையென்றால் பரப்பையும் நான்கெல்லையையும் பார்ப்பதுதான் வழி.

தம்பியின் பத்திரத்தில் அதைத்தான் செய்தேன். நான்கெல்லையில் மேற்கே '84/2டி' என்று இருந்தது. வரிசை முறையில் எழுதியவர் அங்கே 'ஈ' போட்டிருப்பார். பரப்பு 14 சென்ட். C என்றால் 28 இருக்கவேண்டும். "இது E தான், போய் 84/2E-க்குச் சான்று கேளுங்கள்" என்றேன். இரண்டு நாளில் வந்தது. விற்பனை அதில் பதிவாகியிருந்தது.

ஆகவே என் கருத்து இதுதான். ஜமாஅத் தீர்மானமோ, சங்க விதியோ, பாகப்பிரிவினை அட்டவணையோ, நாமே புதிதாக எழுதுவதென்றால் அ, ஆ, இ என்று வரிசையில் எழுதுவோம், ஔவுக்குப் பிறகு க, ங, ச என்று ஒன்றும் விடாமல் போவோம். ஆனால் பட்டாவில் ஏற்கெனவே E என்று இருப்பதைத் தமிழாக்க வேண்டாம். அது எழுத்தல்ல, அந்த நிலத்தின் பெயர். தமிழ்ப்பற்று உள்ளவர்கள் இதற்கு என்னைக் கோபிப்பார்கள், போகட்டும்.

சான்று வந்ததும் தம்பி விட்டுவிடப் பார்த்தார். விடாதீர்கள், பிழைதிருத்தல் பத்திரம் போட்டுவிடுங்கள் என்றேன். அதற்கு விற்றவர் கையெழுத்து வேண்டும். நல்லவேளை அந்த அம்மா இருந்தார், எண்பது வயதில். இல்லையென்றால் அவருடைய வாரிசுகள் ஒவ்வொருவரையும் தேடிப் போகவேண்டியிருக்கும், அதில் மூன்று பேர் சவூதியில். பேரன் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். பத்திரத்தில் அந்த ஓர் எழுத்தை ஆங்கிலத்தில் பெரிதாக அடித்திருந்ததைக் காட்டினோம். "இதுக்கா இவ்வளவு தூரம் கூப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டுப் போனார்.