வெளியே 80 சதவீதம், உள்ளே வறட்சி

போன ஜனவரியில் ஒரு நாள் காலை. டொராண்டோவில் மைனஸ் 10 டிகிரி. மகளின் தலையணை உறையில் ரத்தத் துளிகள். ஹீட்டர் ஓடும் மாதங்களில் அவளுக்குச் சில்லுமூக்கு உடைவது எங்கள் வீட்டில் புதிதில்லை. ஆனால் சென்னையிலிருந்து வந்திருந்த அம்மா பயந்துபோய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, போனில் வானிலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏன்டா, வெளியில ஈரப்பதம் 80 சதவீதம்னு போட்டிருக்கே. நம்ம ஊர்ல 60-க்கே உடம்பெல்லாம் பிசுபிசுங்கும். ஜன்னலைத் திறந்து விடு, ஈரக்காத்து உள்ள வரட்டும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இருபது நிமிடம் திறந்து வைத்தேன். மூடி, அறை மறுபடி சூடானதும் சுவரில் மாட்டியிருக்கும் சின்ன ஈரப்பதமானியைப் பார்த்தேன். முன்பு 22 காட்டியது, இப்போது 17! ஈரக்காற்றை உள்ளே விட்டால் அறை எப்படி இன்னும் வறண்டு போகும்?

குழப்பம் அந்த 'சதவீதம்' என்ற சொல்லில் இருக்கிறது. காற்றில் 80 பங்கு தண்ணீர் இருப்பதாக அதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு வெப்பநிலையிலும் காற்றில் நீராவி இருக்க ஓர் உச்ச அளவு உண்டு. அதைத் தாண்டினால் நீராவி துளியாக மாறிப் படியத் தொடங்கும். அந்த உச்சத்தில் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்பதைத்தான் வானிலை அறிக்கை சொல்கிறது. அதனால்தான் அதற்கு 'ஒப்பு ஈரப்பதம்' என்று பெயர்.

இந்த உச்ச அளவு வெப்பநிலையோடு சேர்ந்து வேகமாக ஏறும். ஒரு கன மீட்டர் காற்றில் 10 டிகிரியில் சுமார் 9 கிராம், 20 டிகிரியில் 17 கிராம், 30 டிகிரியில் 30 கிராம். பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அம்மாவின் கணக்குக்கு வருவோம். மைனஸ் 10 டிகிரியில் உச்சமே 2.4 கிராம்தான். அதில் 80 சதவீதம் என்றால் 2 கிராமுக்கும் குறைவு. சென்னையில் 32 டிகிரியில் உச்சம் கிட்டத்தட்ட 34 கிராம். அதில் 60 சதவீதம் என்றால் 20 கிராம். சதவீதம் குறைவாக இருந்தும் சென்னைக் காற்றில் தண்ணீர் பத்து மடங்கு!

அந்த டொராண்டோ காற்று ஜன்னல் வழியே வந்து 21 டிகிரிக்குச் சூடாகிறது. தண்ணீர் கூடவில்லை, அதே 2 கிராம்தான். ஆனால் உச்சம் 18 கிராமாக உயர்ந்துவிட்டது. சதவீதம் பத்தாக விழுகிறது. சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் சேர்ந்துதான் வீட்டில் அது இருபதைத் தொட்டிருந்தது. அதையும் நான் வெளியே அனுப்பிவிட்டேன்.

சரி, ஹியூமிடிஃபையரை 50-ல் வைத்தால் தீர்ந்ததா? முந்தைய வருஷம் அப்படித்தான் வைத்தேன். ஒரு வாரத்தில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. மரச்சட்டத்தின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. இதுவும் அதே கணக்குதான், திசை மட்டும் எதிர். 21 டிகிரியில் 50 சதவீதமாக இருக்கும் காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தாலே 100 ஆகிவிடும். ஜன்னல் ஓரம் அதைவிடச் சில்லென்று இருந்தால் தண்ணீர் அங்கே படியும். 30 சதவீதம் என்றால் கண்ணாடி 3 டிகிரி வரை குளிர்ந்தாலும் பரவாயில்லை. அதனால் இப்போது 30-க்குப் பக்கத்தில் வைக்கிறேன். காலையில் கண்ணாடி ஓரம் நனைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் குறைப்பேன்.

காற்று 100 சதவீதத்தைத் தொடும் இந்த வெப்பநிலைக்குப் பெயர் பனிநிலை. போனில் 'டியூ பாயின்ட்' என்று இருக்கும். வெயில் ஏறினால் சதவீதம் இறங்கும், ராத்திரி குளிர்ந்தால் ஏறும். காற்றில் உள்ள தண்ணீர் மாறாதவரை பனிநிலை அநேகமாக அசையாது. ஊருக்கு ஊர் ஒப்பிடவும் அதுதான் சரி: அன்று டொராண்டோவில் மைனஸ் 13, அம்மா சொன்ன சென்னையில் 23.

அம்மாவிடம் இந்த இரண்டு எண்களையும் காட்டினேன். "இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன்டா ஜன்னலைத் திறக்கச் சொல்லப்போறேன்" என்றார். இப்போது சென்னையிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் சதவீதத்தை விட்டுவிட்டு, "உங்க ஊர்ல இன்னிக்குப் பனிநிலை என்ன?" என்றுதான் கேட்கிறார்.