பெயர் ஒட்டிய படங்கள்: மன்றத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

நமது பூப்பந்து மன்றத்தில் எடுக்கப்படும் படங்களை முகநூலில் இடுவதற்கும், அவற்றில் அங்கத்தினர் பெயரை இணைப்பதற்கும், அதாவது ‘டேக்’ செய்வதற்கும், செயற்குழு வகுத்துள்ள விதியைக் குறித்துத் தாங்கள் தெரிவித்த ஆட்சேபம் பல அங்கத்தினருக்கும் உண்டாதலால், என் பதிலை அனைவரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். பெயர் இணைக்கப்படுவதை விரும்பாதவர் தம் கணக்கின் அமைப்பில் அனுமதி கேட்கும்படி மாற்றிக்கொள்ளலாமே, அப்படியிருக்க மன்றத்துக்கு விதி எதற்கு என்பதே தங்கள் வினா.

அந்த அமைப்பை முறையாகச் செய்து வைத்திருந்த ஒருவருக்கு நேர்ந்ததை, அவருடைய சம்மதம் பெற்று, பெயர் கூறாமல் இங்கே சொல்கிறேன். மண வாழ்வு முறிந்து, முன்னாள் கணவரின் தொந்தரவுக்கு அஞ்சி, வசிக்கும் இடத்தை மிகச் சிலருக்கே தெரிவித்து நம் ஊரில் குடியேறிய அம்மையார் அவர். ஞாயிறு காலை ஆட்டம் முடிந்ததும் நண்பர் ஒருவர், தீய நோக்கம் சிறிதுமின்றி, குழுப்படம் ஒன்றை யாவரும் காணும்படி இட்டு, மன்றத்தின் பெயரையும் ஆடுகளத்தின் இடத்தையும் குறித்து, நின்றவர் ஒவ்வொருவர் பெயரையும் இணைத்துவிட்டார். அம்மையாருக்கு அனுமதி கேட்டு அறிவிப்பு வந்தது, அவர் அனுமதிக்கவில்லை, அத்தோடு காரியம் முடிந்தது என்று நிம்மதியாயிருந்தார். ஆனால் அந்த அமைப்பு காப்பது அவருடைய சொந்தப் பக்கத்தை மட்டுமே. படம் இட்டவரின் பக்கத்திலும், அவருடைய நண்பர்கள் காணும் வரிசையிலும், பெயர் தேடுவோர் கண்ணிலும் அது தோன்றுவதை அந்த அமைப்பு தடுப்பதில்லை. அடுத்த ஞாயிறு, அவர் யாரிடமிருந்து விலகி வந்தாரோ அவரே நம் வாயிலில் வந்து நின்றார். பிறகு பெயர் இணைப்பை நீக்கினோம்; படம் அப்படியே இருந்தது. படத்தை நீக்கச் செய்தோம்; அதற்குள் அது வாட்ஸப் குழுக்களுக்குப் போய்விட்டது. அங்கே அனுப்பியவர் அழித்தாலும், பிறர் சேமித்த பிரதியும் முன்னனுப்பிய பிரதியும் அழிவதில்லை.

பெயரில்லாத முகம் தெரிந்தவர் கண்ணுக்கு மட்டுமே அடையாளம். பெயர் இணைந்த முகமோ, இன்னார் இன்ன வேளையில் இன்ன இடத்தில் இருப்பார் என்ற செய்தியை, அவரைத் தேடும் அன்னியர் கையிலும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆகவேதான் படம் இடுவதற்குத் தனியாகவும் பெயர் இணைப்பதற்குத் தனியாகவும் இரண்டு கையொப்பங்களை அங்கத்தினர் பதிவேட்டில் கேட்கிறோம். ஒன்றுக்கு இசைந்தவர் மற்றொன்றுக்கும் இசைந்தவராகக் கருதப்பட மாட்டார். பெயரைப் பிறர் இணைக்கலாகாது. விரும்புவோர் தாமே இணைத்துக்கொள்ளலாம். குழுப்படம் எடுக்கும்போது இரண்டு எடுப்போம்: எல்லாரும் நிற்பது மன்றச் சுவருக்கு, இசையாதவர் விலகி நின்றபின் எடுப்பது வெளியிடுவதற்கு. முகத்தை மங்கலாக்கி இடுவதை நான் ஏற்கவில்லை. உடையாலும் உடன் நிற்பவராலும் ஆளை அறிந்துகொள்ளலாம், மறைத்த முகம் வீண் கேள்விகளையும் எழுப்பும். இடத்தைக் குறிப்பதும் ஆட்டம் நடக்கும்போதே இடுவதும் இனி இல்லை. பதினெட்டு வயது நிரம்பாத சிறார் படத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும்; அவர்கள் பெயரை எவ்விதத்திலும் இணைக்கலாகாது.

2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் தந்தவர் அதைத் தந்த அளவு எளிதாகவே திரும்பப் பெறவும் வகைசெய்கிறது. குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரின் ஒப்புதலையும் வற்புறுத்துகிறது. ஆயினும் தனிமனிதர் தம் சொந்தக் காரியமாகவோ குடும்பக் காரியமாகவோ செய்வதை அச்சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. அதனால் ஓர் அங்கத்தினர் தம் கைப்பேசியில் எடுத்துத் தம் பக்கத்தில் இடும் படத்தைச் சட்டம் தடுக்கும் என்று நாம் நம்பியிருப்பதற்கில்லை. தீங்கு நேர்ந்ததோ அந்த வழியாகத்தான். சட்டம் விட்ட இடத்தை மன்ற விதியால்தான் அடைக்க இயலும். ஒப்புதலை மாற்றிக்கொள்ள விரும்புவோர் எனக்கு ஒரு வரி எழுதினால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. படம் அன்றே நீக்கப்படும்.

விழாக்களின் உற்சாகம் குன்றிவிடும் என்ற தங்கள் கவலையை நான் அறிவேன். பரிசளிப்புப் படங்கள் நம் சுவரில் முன்போலவே இடம்பெறும். ஆனால் ஆட வருகிற ஒருவர், தம் இருப்பிடம் வெளிப்படுமோ என்று அஞ்சி ஆட்டத்தையே கைவிடும் நிலை வருமானால், அந்த விழாவுக்கு மன்றம் கொடுத்த விலை மிகப் பெரிது என்பதே என் துணிபு.

தங்கள் முகநூல் பக்கத்தில் சென்ற ஆண்டுப் போட்டியின் படங்கள் பெயர்களோடு இன்னும் இருக்கின்றன. அவற்றிலுள்ள பெயர் இணைப்புகளைத் தாங்களே முதலில் நீக்கி, வரும் செயற்குழுக் கூட்டத்தில் இவ்விதியில் முதற் கையொப்பமும் இட்டு உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
மன்றச் செயலாளர்