அட்டவணையில் இன்னொரு நிரல்

சிசிஎன்ஏ தேர்வுக்குப் படிப்பவர்கள் பாடம் முழுவதையும் அடுக்குவாரியாக அட்டவணை போட்டுச் சுருக்கிக்கொள்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பெரும்பாலும் அதில் நெறிமுறையின் பெயரும் பயனும் மட்டுமே இருக்கும். 'ஏஆர்பி: ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கண்டுபிடிக்கும்' என்ற வரியை எடுத்துக்கொள்வோம். தவறில்லை, ஆனால் போதாது.

192.168.1.10 என்ற வீட்டுக் கணினி 8.8.8.8-க்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறது. புறப்படும் ஃபிரேமில் இலக்கு மேக் முகவரி யாருடையது? அந்த வரியை மட்டும் மனப்பாடம் செய்தவர் 8.8.8.8-உடையது என்று குறித்துவிடுவார். உண்மையில் அது ரவுட்டருடையது. இலக்கு தன் வலையமைப்புக்கு வெளியே இருக்கிறதென்று சப்நெட் மாஸ்க்கை வைத்துத் தெரிந்துகொள்ளும் கணினி, கேட்வேயான 192.168.1.1-இன் மேக் முகவரியைத்தான் விசாரிக்கிறது. ஏஆர்பி கேள்விக்கு ஐபி தலைப்பே கிடையாது. அது ரவுட்டரைத் தாண்டிப் போகாது.

ஏஆர்பி இரண்டாம் அடுக்கா, மூன்றாம் அடுக்கா என்ற வழக்கு ஓய்ந்தபாடில்லை. இரண்டுக்கும் நடுவில் கோட்டின் மேலேயே எழுதுங்கள் என்பேன். அதைவிட முக்கியம், 'எதுவரை போகும்' என்று இன்னொரு நிரல் சேர்ப்பது. ஏஆர்பிக்கு நேராக 'உள்ளூர் வலையமைப்பு மட்டும்', ஐபிக்கு நேராக 'சேருமிடம் வரை'. எழுதியபின் `ping 8.8.8.8` கொடுத்துவிட்டு `arp -a` என்று தட்டிப் பாருங்கள். பட்டியலில் ரவுட்டர் இருக்கும், 8.8.8.8 இருக்காது.