ஈ.டி.எப்.ன்னா எங்களுக்கு வேற அர்த்தம்

இப்போ எல்லாருடைய போனிலும் ஒரே அறிவுரைதான் ஓடுது. "நகை வாங்காதீங்க, செய்கூலி வேஸ்ட். கோல்ட் ஈ.டி.எப். வாங்குங்க, தங்கப் பத்திரம் வாங்குங்க." சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருந்து சுத்தத் தமிழில் பேசுறாங்க. எங்கள் எல்ல, தெமோதரை, ஹாலிஎல தோட்டத்துப் பிள்ளைகள் அதை அப்படியே வீட்டில் போய் ஒப்பிக்கிறார்கள். லயத்தில் ஈ.டி.எப். என்று சொன்னால் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "தோட்டத்துல கட்டுற அந்த ஈ.டி.எப்.பா?" ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் தருபவர் கட்டும் அந்த மூன்று வீதம்தான் அவருக்குத் தெரிந்த ஈ.டி.எப். சிரிக்கிறதுக்கு இதில் ஒன்றுமில்லை. அந்தக் கேள்விக்குள்தான் விஷயமே இருக்கு என்பது எங்கள் கட்சி.

முதலில் அந்த யூடியூப் அண்ணன்மாருக்கு நியாயம் செய்துவிடுவோம். இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு அவர்கள் சொல்வது பொய்யில்லை. இந்திய அரசு 2015 நவம்பரில் முதல் தங்கப் பத்திரத்தை ஒரு கிராம் 2,684 ரூபாவுக்கு விற்றது. எட்டு வருடம் கழித்து, 2023 நவம்பரில், கிராமுக்கு 6,132 ரூபா திருப்பிக் கொடுத்தது. இடையில் போட்ட காசுக்கு வருடத்துக்கு 2.75 வீத வட்டி வேறு. வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 11 வீத வளர்ச்சி.

அதே எட்டு வருடம், அதே தங்க விலை. கோல்ட் ஈ.டி.எப். என்பது ஒரு நிதி நிறுவனம் 99.5 வீதத்துக்குக் குறையாத சுத்தத் தங்கத்தைப் பெட்டகத்தில் வைத்துக்கொண்டு, அதைச் சின்னச் சின்ன அலகாகப் பங்குச்சந்தையில் விற்பது. வட்டி கிடையாது, பராமரிப்புச் செலவு பிடிப்பார்கள். வருடத்துக்கு 0.8 வீதம் பிடித்தார்கள் என்று வைத்தால், அந்த 2,684 ரூபா சுமார் 5,750 ஆகியிருக்கும். அதாவது வருடத்துக்குப் பத்து வீதம்.

நகைக்கு வருவோம். அதே அளவு தங்கத்துக்குச் செய்கூலி, சேதாரம், வரி எல்லாம் சேர்த்து 15 வீதம் கூடக் கொடுத்து, விற்கும்போது நான்கு வீதம் கழிவு கொடுத்ததாக எடுத்துக்கொள்வோம். போட்டது 3,087, வந்தது 5,887. வருடத்துக்கு எட்டரை வீதத்துக்குக் கொஞ்சம் கீழே. பத்திரம் முதல், ஈ.டி.எப். இரண்டாவது, நகை கடைசி. கணக்கு சரி.

ஆனால் இந்தக் கணக்கு யாருக்கு? தங்கப் பத்திரத்தை இந்தியாவில் வசிப்பவர் மட்டும்தான் வாங்க முடியும். அந்த ஈ.டி.எப். வாங்க அங்கே டிமேட் கணக்கு வேண்டும். பதுளை பஜாரில் எந்த வங்கிக் கவுண்டரில் போய் இதைக் கேட்கிறது? அது மட்டுமில்லை. 2024 பெப்ரவரிக்குப் பிறகு இந்திய அரசே புதுப் பத்திரம் வெளியிடவில்லை. காரணம் எளிது. அரசு 2,684 ரூபா கடன் வாங்கியது. ஆனால் அந்தக் காசுக்குத் தங்கம் வாங்கி வைக்கவில்லை. தங்கம் ஏற ஏற, கடனும் ஏறியது. வாங்கினவருக்கு லாபமாகத் தெரிந்தது அரசுக்கு ரொம்ப விலை கூடிய கடனாகப் போனது. நிறுத்திவிட்டார்கள்.

இதை அப்படியே எங்கள் நாட்டில் வைத்துப் பாருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. தங்கம் உலகச் சந்தையில் அவுன்ஸ் 1,850 டொலரிலேயே அசையாமல் நின்றது என்று வைத்துக்கொண்டாலும், எட்டு கிராம் சுத்தத் தங்கத்தின் மதிப்பு ஏறக்குறைய 95,000 ரூபாவிலிருந்து 171,000 ஆகிவிடும். கொழும்பு அப்படி ஒரு தங்கப் பத்திரம் விற்றிருந்தால், மூன்றே மாதத்தில் அதன் கடன் 80 வீதம் ஏறியிருக்கும். அதே ஏப்ரலில்தான் அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பெற்றோலுக்கே டொலர் இல்லாத அரசு தங்க விலையில் யாருக்குத் திருப்பிக் கொடுக்கும்?

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது யாருடைய காசில் கை வைத்தார்கள்? ஈ.பி.எப். போன்ற ஓய்வுகால நிதிகளில். பழைய பிணைமுறிகளைக் கொடுத்துவிட்டு, போகப் போக 9 வீதத்துக்கு இறங்கும் வட்டியுள்ள புதிய பிணைமுறிகளை எடுக்கணும். இல்லாவிட்டால் 14 வீத வரி 30 ஆகும் என்றார்கள். கணக்கில் இருந்த தொகையை வெட்டவில்லை என்பது உண்மை. ஆனால் வர வேண்டிய வட்டியில் விழுந்த அடி கொழுந்து பறிக்கிறவர் தலையிலும் விழுந்தது. ஆகவே "அரசு உத்தரவாதம், பயமே இல்லை" என்ற வசனத்தை எங்கள் அம்மாமாரிடம் கொண்டுபோகாதீங்க. அவங்க காதில் கிடக்கும் தோட்டுக்கு யாரும் கடன் சீரமைப்பு செய்ய முடியாது. ஈ.பி.எப்.ஐ எடுக்க ஒரு பெண் பொதுவாக 50 வயது வரை காத்திருக்கணும். தோட்டைக் கழற்ற அரை நிமிஷம்.

அப்போ நகைக்கடைக்காரர் சொல்வதுதான் சரியா? "நகையும் ஒரு சேமிப்புத்தானே தங்கச்சி" என்கிறாரே? அதுவும் இல்லை. அந்தப் பொய்யையும் கணக்கிலேயே பார்ப்போம். கணக்குக்காக ஒரு பவுன் 22 கரட் தங்கம் 200,000 ரூபா என்று வைப்போம். செய்கூலியும் சேதாரமும் 12 வீதம், அதாவது 24,000. கையிலிருந்து போனது 224,000. அடுத்த மாதம் ஆஸ்பத்திரிச் செலவு வந்து விற்கப் போனால், ஐந்து வீதம் கழித்து 190,000 கையில் வரும். 34,000 ரூபா காணாமல் போச்சு. 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது 25 நாள் உழைப்பு. எட்டு வருடம் தொடாமல் வைத்தால் இந்த நட்டம் கரைந்துவிடும். தோட்டத்து வீட்டில் எந்த நகை எட்டு வருடம் தொடாமல் இருந்திருக்கு?

தரத்திலும் இப்படித்தான். 22 கரட் என்றால் 91.6 வீதம் தங்கம். வெளிநாட்டு வேலைக்குப் போன சித்திமார் கொண்டுவரும் வளையல் பலதும் 21 கரட், 87.5 வீதம். எட்டு கிராமில் மூன்றில் ஒரு கிராம் வித்தியாசம். அது மோசடி இல்லை, ஆனால் தெரிந்திருக்கணும். கல் பதித்த நகை இன்னும் மோசம். 0.6 கிராம் கல்லைத் தங்கத்தோடு சேர்த்து நிறுத்தால், மேலே சொன்ன விலையில் 15,000 ரூபா கண்ணாடிக்குக் கொடுக்கிறோம். அடகு வைக்கும்போது மட்டும் கல்லைக் கழித்துத்தான் எடை போடுவார்கள். இந்தியாவில் 2023 ஏப்ரலிலிருந்து நகைக்கடை விற்கும் ஹோல்மார்க் நகையில் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனிக் குறியீடு கட்டாயம். இங்கே பெரும்பாலும் கடைக்காரர் தானே குத்திய "22"ஐ நம்பித்தான் வாங்குகிறோம்.

ஆனாலும் எங்களைத் தின்பது செய்கூலி இல்லை. அது ஒருமுறை போகிற காசு. வருடா வருடம் போவது அடகு வட்டி. எந்த ஒப்பீட்டு வீடியோவிலும் இது வருவதில்லை. ஏனென்றால் அவர்கள் தங்கத்தை முதலீடாகப் பார்க்கிறார்கள். எங்கள் வீடுகளில் தங்கம் என்பது கடன் அட்டை. பள்ளிக்கூடம் தொடங்கும்போது உள்ளே போகும், தீபாவளி முற்பணம் வந்தால் வெளியே வரும். மேலே சொன்ன பவுனை 120,000 ரூபாவுக்கு அடகு வைத்து, 18 வீத வட்டி என்றால் வருடத்துக்கு 21,600. சரியாகப் பதினாறு நாள் சம்பளம். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்தால் மூன்று வருடத்தில் 64,800. பத்திரம் நகையை முந்தியதெல்லாம் வருடத்துக்குச் சில வீதம். அடகு அதைவிடப் பெரிய பள்ளம்.

தங்கம் எப்பவும் ஏறும் என்றும் இல்லை. 2013இல் உலக விலை ஒரே வருடத்தில் கால் பங்குக்கு மேல் விழுந்தது. முந்தின வருடம் உச்ச விலைக்கு அடகு வைத்தவர்களில் பலர் மீட்க வரவில்லை. கடன் நகையின் பெறுமதியைத் தாண்டிவிட்டது. வங்கிகளே நட்டப்பட்டன. நகை போனவர்களுக்கு யாரும் கணக்கு எழுதவில்லை.

அதனால் எங்கள் நிலைப்பாடு இது. போட்டுக்கொள்ளும் நகை வேறு, சேமிக்கும் தங்கம் வேறு. கல்யாணத்துக்குத் தாலிக்கொடி செய்யுங்கள், ஆசைக்குத் தோடு வாங்குங்கள். அதை முதலீடு என்று சொல்லி வீட்டாரை ஏமாற்றாதீங்க. சேமிக்கத்தான் என்றால் வேலைப்பாடு இல்லாத காசோ சின்ன பிஸ்கட்டோ பாருங்கள். செய்கூலி குறைவு, கல் இல்லை. எங்கே திருப்பி எடுப்பார்கள், எங்கே அடகு பிடிப்பார்கள் என்று வாங்கு முன்னமே கேளுங்கள். எதை வாங்கினாலும் பில்லில் மொத்த எடை, கல் எடை, கரட், செய்கூலி நான்கும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீங்க. சந்தேகமென்றால் தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையில் தரம் பரிசோதிக்கலாம். அடகு வைத்தால் வட்டியோடு முதலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள்.

கேட்கவும் வேண்டியது இருக்கு. ஈ.டி.எப். என்ற யோசனையில் எங்களுக்குப் பிடித்தது ஒன்றுண்டு: ஒரு நாள் சம்பளத்துக்குக்கூடத் தங்கம் வாங்கலாம், செய்கூலி இல்லை. நகைக்கடையில் 100 மில்லிகிராம் கேட்டால் சிரிப்பார்கள். ஆகவே இந்த நாட்டில் தொழிலாளிக்கு ஒரு தங்கச் சேமிப்பு வருமானால், அது அரசின் வாக்குறுதியாக வரக்கூடாது; பெட்டகத்தில் உண்மையாகவே கிடக்கும், கணக்காய்வு செய்யப்படும் தங்கமாக வரணும். அவசரத்துக்கு அதன்மேல் குறைந்த வட்டிக் கடனும் கிடைக்கணும். மே தின மேடையில் நாட்சம்பளம் பேசும் தொழிற்சங்கங்கள், அந்தச் சம்பளத்தில் எத்தனை நாள் அடகுக்கடைக்குப் போகுது என்பதையும் பேசட்டும். அது வரைக்கும், லயத்தில் தோட்டைக் கழற்றாமல் வைத்திருக்கும் அம்மாவுக்கு "விவரம் தெரியாது" என்று யாராவது சொன்னால், மேலே உள்ள கணக்கை அவரிடம் காட்டுங்கள்.