மதுரை வானத்துக்கு எந்த வரைபடம்? பள்ளி வானோக்கு இரவுகள் சறுக்கும் இடம்

பள்ளி மாணவர்களுக்கு வானம் காட்ட இன்று பெரிய செலவு இல்லை. 2009 சர்வதேச வானியல் ஆண்டுக்காக உருவான 'கலிலியோஸ்கோப்' போன்ற சின்ன தொலைநோக்கியும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வான வரைபடமும் போதும். ஆனாலும் பல இடங்களில் முதல் இரவே குழப்பத்தில் முடிகிறது. என்ன காரணம்?

வரைபடத்தில் என்ன சிக்கல்?

இலவச வரைபடங்கள் பலவும் அமெரிக்கா, ஐரோப்பாவை மனதில் வைத்து, சுமார் 40 டிகிரி வடக்கு அட்சரேகைக்கு வரையப்பட்டவை. மதுரை இருப்பதோ 10 டிகிரியில். துருவ நட்சத்திரம் ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான் தெரியும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால், அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அதாவது மதுரையில் அடிவானத்துக்கு மேலே ஒரே ஒரு முஷ்டி உயரம். வரைபடத்தை நம்பி நான்கு முஷ்டி உயரத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

தெற்கே இன்னும் மோசம். இரவு வானின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமான அகத்தியர் (கனோபஸ்) அந்த வரைபடத்தில் இருக்கவே இருக்காது. 40 டிகிரி ஊர்களில் அது அடிவானத்துக்கு மேல் வருவதில்லை. மதுரையிலோ பிப்ரவரி இரண்டாவது வாரம், இரவு 9 மணி வாக்கில், நேர் தெற்கே சுமார் 27 டிகிரி உயரத்தில் பளிச்சென்று நிற்கும். "இது என்ன நட்சத்திரம் சார்?" என்று பிள்ளைகள் கேட்டால், ஆசிரியர் கையில் இருக்கும் தாளில் பதில் இல்லை.

எப்படிச் சரிசெய்வது?

ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் F6 அழுத்தி ஊரை மாற்றி, தேதியும் நேரமும் கொடுத்துப் படத்தை அச்செடுக்கலாம். சரிபார்ப்பது சுலபம்: பிப்ரவரி இரவுப் படத்தில் சிரியஸுக்குக் கீழே, தெற்கே அகத்தியர் இருக்கிறாரா என்று பார்த்தால் போதும். வட்ட வடிவ வரைபடத்தில் கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருப்பது தவறு இல்லை. அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தால் திசைகள் சரியாக வந்துவிடும்.

தொலைநோக்கியில்?

கலிலியோஸ்கோப்பின் லென்ஸ் 50 மி.மீ. விட்டம், 500 மி.மீ. குவியத்தூரம் கொண்டது. 20 மி.மீ. கண்ணருகு லென்ஸுடன் 25 மடங்கு பெரிதாகக் காட்டும். நிலவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு பெரிய நிலவுகளுக்கு இது தாராளம். ஆனால் கை நடுக்கமும் 25 மடங்கு ஆகும். அதனால் முக்காலி கட்டாயம். அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். படம் தலைகீழாகத் தெரிவது பழுது அல்ல. குழாயை முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவாக்குவதைப் பகலிலேயே தூரத்து மரத்தில் பழகிவிடலாம். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது; ஒரு நொடி போதும், பார்வை போய்விடும்.