ஏசி-யின் 5 ஸ்டாருக்குக் கணக்கு இருக்கு... நாம போடும் 5 ஸ்டாருக்கு?

திருச்சி தில்லைநகரில் ஒரு ஷோரூமுக்குப் போய் ஏசி வாங்குறீங்க. பெட்டியில் ஒட்டியிருக்கும் 5 ஸ்டார் லேபிள் யாருடைய மனநிலையையும் பொறுத்தது இல்லை. ஆனா வீட்டுக்கு வந்ததும் அதே ஏசிக்கு ஆன்லைனில் நீங்க தட்டும் 5 ஸ்டார்? ரெண்டும் ஒரே மாதிரி தெரியும்; அர்த்தம் வேற வேற.

லேபிள் ஸ்டார் எப்படி வருது?

மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பு (பிஇஇ) இதற்கு ஒரு எண் வைத்திருக்கிறது. சீசன் முழுக்க ஏசி கொடுக்கும் குளிர்ச்சியை, அதற்குச் செலவான மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது அது. 2018 அட்டவணைப்படி ஸ்ப்ளிட் ஏசி 4.50 தொட்டாலே 5 ஸ்டார். 2022 ஜூலையில் அந்த எல்லை 5.00 ஆக உயர்ந்தது. அதனால் 4.50 எடுத்த மாடல், எந்த மாற்றமும் இல்லாமலே 4 ஸ்டாருக்கு இறங்கியது.

இதில் நமக்கு ரெண்டு பாடம். ஒவ்வொரு ஸ்டாருக்கும் எல்லையை முன்கூட்டியே எழுதி வைக்கணும். எல்லாரும் 5 வாங்க ஆரம்பிச்சா, அந்த 5 எதையும் சொல்றதில்லை.

ரிவ்யூவுக்கு விதி இல்லையா?

இந்திய தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ், 2022 நவம்பரில் ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையை வெளியிட்டது. ரிவ்யூக்களை எப்படிச் சேகரிப்பது, சரிபார்ப்பது, வெளியிடுவது என்பதுதான் அதன் களம். வந்தபோது அது கட்டாயம் இல்லை, விரும்பி ஏற்பது. போலி ரிவ்யூவைத் தடுக்க அது உதவலாம். ஆனா உண்மையாக வாங்கியவர் 3 போடணுமா, 4 போடணுமா என்பதை அவரேதான் முடிவு பண்ணணும்.

3-ல் இருந்து ஆரம்பிங்க

பலரும் 5-ல் ஆரம்பிச்சு, கோபம் வந்தா 1-க்குத் தாவுறாங்க. நடுவில் இருந்து தொடங்கினால் அளவு நிலையாக நிற்கும்.

3: சொன்னதைச் செய்தது, கொடுத்த காசுக்குச் சரி.
4: அதே விலையில் வரும் மற்ற பொருட்களை விட ஒரு விஷயத்திலாவது தெளிவாக மேல்.
5: ஒரு மாசம் பயன்படுத்திய பிறகும் குறை இல்லை, மறுபடி சொந்தக் காசில் இதையே வாங்குவேன்.
2: வேலை செய்யுது, ஆனா தினமும் ஒரு குறையைச் சகிச்சுக்கணும்.
1: வேலையே செய்யலை, அல்லது ஆபத்து.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மிக்ஸி

உத்தர வீதியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். 4,000 ரூபாய்க்கு மிக்ஸி ஆர்டர் போட்டது வைகுண்ட ஏகாதசி சமயம். கூட்டத்தால் வண்டி உள்ளே வர முடியலை. மூணு நாள் தாமதம். எரிச்சலில் 1 ஸ்டார் போடத் தோணும். ஆனா தாமதம் மிக்ஸியின் குறை இல்லை. டெலிவரிக்குத் தனி ரேட்டிங் இருந்தால் அங்கே சொல்லலாம். அங்கேயும் அடைச்ச தெருவுக்கு டெலிவரி பையன் பொறுப்பில்லை.

முதல் வாரம் சட்னி, மசாலா எல்லாம் நைஸாக அரையுது: 4 போடலாம். மூணாவது வாரம் உளுந்து அரைக்கும்போது ரெண்டு முறை சூடாகி நின்றுபோகுது. கையேட்டில் சொன்ன நேரத்துக்குள், சொன்ன அளவு போட்டும் நின்றதா? அப்படியென்றால் 2. அளவுக்கு மேல் நீங்க போட்டிருந்தால், அது மோட்டாரைப் பாதுகாக்க நின்றது. 4 அப்படியே இருக்கட்டும். அவசரப்பட்டு முதல் நாளே போட்டிருந்தால் இந்த விஷயம் வெளியே வந்திருக்காது.

அடுத்து 300 ரூபாய் இயர்போன். இதை 3,000 ரூபாய் இயர்போனோடு ஒப்பிட வேண்டாம். 300 ரூபாய் வரிசையில் எங்கே நிற்குது என்று பாருங்க. பிறகு ஒரு கேள்வி: நான் 4 கொடுத்த அந்த மிக்ஸி அளவுக்கு, இது தன் விலையில் திருப்தி தந்ததா? பழைய ரேட்டிங்குகளை போனில் ஒரு நோட்டில் வைத்திருந்தால் இதைச் சட்டென்று சொல்லிடலாம்.

ஒரு ஸ்டாரின் எடை

10 பேர் 5 கொடுத்த சின்னக் கடைக்கு, கூரியர் தாமதத்துக்காக ஒருத்தர் 1 போட்டால் கூட்டுத்தொகை 51. அதை 11-ஆல் வகுத்தால் சராசரி 4.6. ஆயிரம் ரிவ்யூ உள்ள பெரிய கடையில் அதே 1 கண்ணுக்கே தெரியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. நம்ம கணக்கில் 3 என்றால் 'சரி'. படிப்பவர் அதை 'மோசம்' என்று எடுத்துக்கலாம். அதனால் ஸ்டாரோடு ஒரு வரி சேருங்க: எத்தனை நாள் பயன்படுத்தினேன், எதற்காகக் குறைத்தேன். உளுந்து அரைக்காத வீட்டுக்கு உங்க 2 ஸ்டார் மிக்ஸி போதுமானதாக இருக்கலாம். அதை அந்த ஒரு வரிதான் சொல்லும்.